படமும் இல்லை, சத்தமும் இல்லை

“இருபத்தேழு நாளா? ஒரு டிவிய ரிப்பேர் பண்ண இருபத்தேழு நாளா? அதுக்குள்ள ஒரு கோழி முட்டைய அடைகாத்து, குஞ்சு பொரிச்சி, ஒரு வாரம் ரெஸ்ட்டும் எடுத்துக்கும்மா!”

“சராசரி சார் அது. எல்லாத்தையும் கூட்டி வகுத்தா அப்படித்தான் வருது.”

“அப்ப கூட்டாத. வகுக்காத.”

“கம்பெனி கேக்குதே சார்.”

“கேட்டா இப்படியா எழுதுவே? ‘படமும் இல்லை, சத்தமும் இல்லை’ன்னு முப்பத்தொண்ணு! ஏப்ரல் மாசம் ராபர்ட்சன்பேட்டைல இன்னா இடியா விழுந்துச்சு? பெங்களூர்ல இத்த படிக்கிறவன் இன்னா நினைப்பான்?”

என் ஃபேன்சி ஸ்டோருக்கும் பாஸ்கரனுடைய டிவி சர்வீஸ் சென்டருக்கும் நடுவில் இருப்பது ஒரு ப்ளைவுட் தட்டி. அடுத்தவர் பேச்சு நம் காதில் விழக்கூடாது என்றுதான் நான் கடையில் ரேடியோ வைத்திருக்கிறேன். அன்றைக்கு அதில் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. வேறு வழியில்லை, கேட்டேன்.

கத்தியவர் பாஸ்கரன். அவர் அப்பா ஒரு ஃபேக்டரியில் ஃபோர்மேன், மகன் அந்த ஃபேக்டரிக்கே போகாமல் ஒரு பெங்களூர் டிவி கம்பெனியின் போர்டை மாட்டிக்கொண்டு கடை வைத்தவர். கத்தாமல் பதில் சொன்னவள் ஜெசிந்தா. கடையில் ரெஜிஸ்டர் எழுதுவது, ஃபோன் எடுப்பது, கம்பெனிக்குக் கணக்கு அனுப்புவது எல்லாம் அவள்தான். சாதாரணமாகவே அவள் குரல் உயராது. அந்த வருஷம் பிப்ரவரிக்குப் பிறகு தாழவும் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கி மாதிரி ஒரே மட்டத்தில் வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். 2001. அவளுடைய அப்பா இன்பராஜ் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் தினமும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்த மனிதர், வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது என்றால் அது பாஸ்கரன் கடையிலிருந்துதான். அந்தக் கடைக்கு வருஷா வருஷம் மே முடிவில் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவேண்டும். இருபத்தேழு நாள் என்று எழுதுகிற கடைக்கு எந்தக் கம்பெனி புதுப்பிக்கும்? பாஸ்கரன் கத்தியதற்கு அதுதான் காரணம். ஜெசிந்தாவுக்கும் அது தெரியாமல் இல்லை.

இந்த முப்பத்தொரு டிவியின் கதையை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் மரியகுழந்தை என்று ஒரு அம்மாள், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள், ஆட்டோவில் டிவியை ஏற்றிக்கொண்டு வந்து சென்டரில் இறக்கினாள். கோளாறு ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும், ஞாயிறுகளையும் சேர்த்தால் நாற்பத்தாறு, வீட்டில் டிவி போடக்கூடாது என்று அவள் நேர்ந்திருந்தாள். புருஷனோ கிரிக்கெட் பைத்தியம். துணி போட்டு மூடினால் துணியை எடுத்துவிடுகிறான், ஒயரை ஒளித்தால் பக்கத்து வீட்டில் ஒயர் வாங்கி வருகிறான். “ஈஸ்டர் வரைக்கும் உள்ள வெச்சி பூட்டிக்கோங்க தம்பி. தூசு தட்டி வெச்சா போதும்” என்றாள். பாஸ்கரன் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். அவருக்குத் தவக்காலமும் தெரியாது, அது தொற்றும் என்பதும் தெரியாது.

அடுத்த வருஷம் எட்டு வீடு. அதற்கடுத்த வருஷம், கத்தோலிக்கர் மட்டும் என்ன பெரிய பரிசுத்தவான்களா என்று, தவக்காலத்தை லெந்து என்கிற சி.எஸ்.ஐ. வீடுகளும் சேர்ந்துகொண்டன. டிவியை அனுப்பாத வீட்டாரை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் பார்க்கிற விதத்தில் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், மறைப்பானேன். எங்கள் வீட்டு டிவி வேறு கம்பெனி, அதை வாங்கி வைத்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு சாக்கு இருந்தது.

சிக்கல் ரெஜிஸ்டரில். ஒரு டிவி உள்ளே வந்தால் ஜாப் கார்டு போடவேண்டும். கார்டில் குறை என்ன என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விடக்கூடாது. ஜெசிந்தா யோசித்து, எல்லாவற்றுக்கும் ‘படமும் இல்லை, சத்தமும் இல்லை’ என்று எழுதினாள்.

“ஏம்மா இப்படி எழுதினே?” என்று இப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் பாஸ்கரன் கேட்டார்.

“தவக்காலத்துல பொய் எழுதக்கூடாதுன்னு பார்த்தேன் சார். ப்ளக்க புடுங்கின டிவில படமும் வராது, சத்தமும் வராது. அது பொய் இல்லையே.”

மெக்கானிக் சாம்சன் சிரித்தான்.

“சிரிக்காதடா. உன் தலையிலதான் விழப்போவுது. ஒரு மாசத்துல முப்பத்தொரு செட்டு செத்துப்போயி, ஒவ்வொண்ணுக்கும் நாப்பத்தாறு நாளு எடுத்துக்கினவன்னு உன்ன எழுதுவான்.”

முந்தைய வருஷங்களில் யாரும் கவனிக்கவில்லை. மாதம் இத்தனை வந்தது, இத்தனை போனது என்று ஒரு வரி எழுதினால் கம்பெனி திருப்தி. இந்த வருஷம்தான் பெங்களூர் ஆபீஸுக்குத் தரச் சான்றிதழ் மோகம் பிடித்து, புது மாதிரிப் படிவம் வந்தது. அந்த மாதத்தில் முடிந்த குறைகளை வகைவகையாகப் பிரிக்கவேண்டும். ஒரே டிவி ஒரு வருஷத்துக்குள் மறுபடி வந்திருந்தால் ‘திரும்ப வந்த குறை’ என்று தனியாக எண்ணவேண்டும். வந்த தேதியிலிருந்து கையெழுத்து வாங்கி முடித்த தேதி வரை நாளை எண்ணி, சராசரி போடவேண்டும். ஐந்து நாளைத் தாண்டக்கூடாது. முடியாமல் கிடப்பவை சராசரியில் சேராது, அவற்றின் சீரியல் நம்பரைத் தனிப் பட்டியலாக இணைக்கவேண்டும்.

ஜெசிந்தா இதை எப்படிச் செய்வாள் என்று நான் பார்த்திருக்கிறேன், வாசலில் கொண்டை ஊசி அட்டையை எடுத்து வைக்கிற சாக்கில். கோடு போட்ட தாளில் இடது பக்கம் வகைகளை எழுதுவாள். படம் உருளுது, கலர் இல்லை, ரிமோட் வேலை செய்யலை, இப்படி. ரெஜிஸ்டரைப் புரட்டப் புரட்ட எதிரே ஒரு கோடு, நாலுக்கு மேல் ஐந்தாவது குறுக்கே. சீரியல் நம்பரைப் போன வருஷத்து ரெஜிஸ்டரில் தேடி, இருந்தால் பென்சிலால் வட்டம். கடைசியில் நாளை எல்லாம் கூட்டி வகுப்பாள். தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லாமல்.

மார்ச் மாதக் கணக்கு பிரமாதமாக வந்தது. தவக்கால டிவிகள் எல்லாம் உள்ளே கிடந்ததால் சராசரியில் அவை சேரவில்லை. இரண்டே நாள். பெங்களூரிலிருந்து ஷில்பா என்கிற பெண் ஃபோன் செய்து பாராட்டினாள். பாஸ்கரன் பூரித்துப் போய் மிக்சர் வாங்கிக் கொடுத்தார், தட்டிக்கு இந்தப் பக்கமும் ஒரு பொட்டலம் வந்தது. இணைத்த பட்டியலில் நாற்பத்திரண்டு டிவி இருந்ததை அந்தச் சந்தோஷத்தில் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை முப்பத்தொரு டிவி ஒரே நாளில் வீடு திரும்பியது. ஏப்ரல் கணக்கு வெடித்தது. போதாததற்கு, போன வருஷம் சாம்பல் புதன் மார்ச் எட்டாம் தேதி, இந்த வருஷம் பிப்ரவரி இருபத்தெட்டு. ஒரு வருஷம் முழுசாக ஆவதற்குள் அதே டிவிகள் திரும்பி வந்துவிட்டன. ஆகவே அத்தனையும் ‘திரும்ப வந்த குறை’. திருச்சபை நாட்காட்டியைப் பார்த்துக் கம்பெனி படிவம் போடவில்லை.

“பழைய தேதி போட்டுடு” என்றார் பாஸ்கரன். “வந்த மறுநாளே முடிஞ்சிடுச்சின்னு எழுது.”

“மார்ச் பட்டியல்ல இதே நம்பரெல்லாம் முடியலைன்னு அனுப்பிட்டோம் சார். நீங்கதான் கையெழுத்து போட்டீங்க.”

“நான் போட்டேனா?”

“மிக்சர் கையோட போட்டீங்க. எண்ணெய் கறை இருக்கும்.”

சாயங்காலம் ஜெசிந்தா இன்னொரு தாள் எடுத்தாள். தவக்கால டிவிகளை மட்டும் தனியே பிரித்து, ‘வாடிக்கையாளர் கேட்டபடி வைத்திருந்தது, கோளாறு இல்லை’ என்று ஒரு வகை புதிதாக எழுதினாள். மற்ற இருபத்துநாலு டிவிக்கும் சராசரி மூன்று நாள் வந்தது. முதல் தாளையும் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பின் குத்தி அனுப்பினாள். பாஸ்கரன் ஒன்றைக் கிழிக்கச் சொல்லிப் பார்த்தார். “ரெண்டும் நிஜம்தான் சார்” என்றாளாம்.

ஒரு வாரத்தில் ஷில்பாவே வந்துவிட்டாள். பங்காருபேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ். கண்ணாடி போட்ட சின்னப் பெண், தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசினாள்.

“சார், ஏனு இது? நாற்பத்தாறு நாள் டிவி இல்லாம ஜனங்க இருந்தாங்களா? ஒருத்தர் கூட ஃபோன் செஞ்சு சத்தம் போடலையா?”

“அவங்க வேண்டாம்னு கொடுத்ததும்மா அது” என்றார் பாஸ்கரன், சாமி கும்பிடுகிற குரலில்.

“வேண்டாம்னா? டிவிய?”

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். அதே மட்டக் குரல். ஷில்பா சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் சிரிக்காமல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ரெண்டாவது தாள் சரி இருக்கு. நான் மேல ஒத்துக்க வைக்கிறேன். ஆனா ஸ்வல்ப பொறுங்க. நாற்பத்திரண்டு வந்தது, முப்பத்தொண்ணு போச்சு. பாக்கி பதினொண்ணு எல்லி?”

எங்கே என்று கேட்கிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. சாம்சன் பின்பக்கத் திரையை விலக்கினான். இரும்பு ரேக்கில் பதினொரு டிவி, கண்ணாடியைக் காட்டிக்கொண்டு வரிசையாக.

“ஈஸ்டர் முடிஞ்சாச்சு. ஏன் வாங்கல?”

“வாங்க வரல” என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான் சொன்னாள்.

நான் வேண்டுமானால் சொல்லியிருப்பேன். பாதி வீட்டில் ஆம்பளை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. டிவி ஞாபகம் யாருக்கும் இல்லை. இரண்டு வீட்டில் ஆளே இல்லை, ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

“தொண்ணூறு நாள் தாண்டின கேஸ் ஒண்ணு இருந்தாலும் கம்ப்யூட்டரே உங்க சென்டரை நிறுத்திடும்” என்றாள் ஷில்பா. “அங்க நான் ஒண்ணும் செய்ய முடியாது. மே இருபத்தெட்டுக்குள்ள பதினொண்ணும் முடிங்க. கையெழுத்தோட. அவங்களோ, அவங்க வீட்டார் ஒருத்தரோ போடணும்.”

போகிற போது என் கடையில் ஒரு டஜன் வளையல் வாங்கினாள். பேரம் பேசவில்லை. கன்னடத்துப் பெண்களுக்கு என்ன குறை.

சாம்சனும் ஜெசிந்தாவும் ஆட்டோவில் டிவியை ஏற்றிக்கொண்டு சுரங்கக் குடியிருப்புகளில் லைன் லைனாகப் போனார்கள். ஊர் பார்த்தது, நானும் பார்த்தேன். ஒரு வாலிபன், ஒரு வயசுப் பெண், நடுவில் ஒரு டிவி. சீர்வரிசை போகிற மாதிரியே இருந்தது. சாம்சன் அந்த நாட்களில் என் கடைக்கு அடிக்கடி வந்து முடி கிளிப் வாங்கினான். நீலக்கல் வைத்தது, வண்ணத்துப்பூச்சி வைத்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்கவேண்டும், எனக்குக் கண் இல்லையா? வாங்குகிற சாக்கில் அன்றன்று நடந்ததை அவனே சொல்லிவிட்டுப் போவான்.

எட்டு வீட்டில் தகராறு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். “ஓ, எங்க டிவியா?” என்று கேட்டார்களாம் சிலர். வைத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்கள். ஒன்பதாவது, பெங்களூருக்குக் குடிபோன குடும்பம். வீட்டுக்காரரின் அண்ணன் வந்து வீட்டைக் காலி செய்கையில் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். பத்தாவது மரியகுழந்தை அம்மாளுடையது. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவதி, வேலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். சாம்சன் டிவியை மடியில் வைத்துக்கொண்டு வேலூர் வரை பஸ்ஸில் போனான். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தானாம்.

“இந்த ஊர்ல அடுத்த தவக்காலத்துக்கு யார்கிட்ட கொண்டுபோய் வெப்பேன்?” என்று கேட்டாளாம் அந்த அம்மாள், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. புருஷன் உள்ளே இருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிரிக்கெட் இருந்தும்.

பதினொன்றாவது யாருடையது என்று சாம்சன் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. இன்பராஜுடையது. ஜெசிந்தா வீட்டு டிவி. மூன்று மாதமாகத் தினமும் அந்த ரேக்கைப் பார்த்துக்கொண்டு, மாதா மாதம் முடியாத பட்டியலில் தன் வீட்டு நம்பரையும் தானே எழுதி அனுப்பியிருக்கிறாள்.

மே இருபத்தாறு, சனிக்கிழமை. இரண்டு பேரும் கொண்டுபோய் இறக்கினார்கள். இன்பராஜ் நாற்காலியில் இருந்தார். சட்டை எல்லாம் போட்டு, ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற மாதிரி சுத்தமாக.

“இன்னாத்துக்கு இத்த எடுத்தாந்தே?” என்றார்.

“ஈஸ்டர் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சி டாடி.”

“அங்கியே இருக்கட்டும்னு சொன்னேனே.”

“இருக்கக்கூடாது. கையெழுத்து போடு.”

அவர் கார்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “இன்னா கோளாறுன்னு எழுதிக்கீது சாம்சா?”

“படமும் இல்ல, சத்தமும் இல்லன்னு மாமா. சும்மா எழுதினது. ப்ளக் போட்டா வரும். இருங்க.”

சாம்சன் ப்ளக்கைப் போட்டான். படம் வந்தது, சத்தமும் வந்தது. யாரோ ஒரு பெண் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள். இன்பராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அணைச்சிடு” என்றார். கார்டைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

“மாமா, போடலைன்னா கடைய மூடிடுவான் மாமா. ஜெசி வேலை போயிடும்.”

“மூடுனா மூடட்டும். மூடுறவன் நம்மள கேட்டா மூடுறான்?” கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். மழை வரும் போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஜெசிந்தா சாம்சன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ‘வாடிக்கையாளர் அல்லது வீட்டார்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். தேதி போட்டாள். டிவி மேல் பழைய துணியை எடுத்து மூடினாள். பிறகு அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் காப்பி கலந்து வந்தாள். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாள், எல்லோரும் அப்படியே குடித்தார்கள் என்றான் சாம்சன். அன்றைக்கு அவன் கிளிப் வாங்க மறந்துவிட்டான்.

கடை பிழைத்தது. ஒப்பந்தம் புதுப்பித்து வந்தது. ஷில்பா சொன்னபடியே செய்தாள். படிவத்தில் ‘வாடிக்கையாளர் கேட்டபடி வைத்திருந்தது’ என்று ஒரு வரியே அச்சடித்து மாநிலம் பூராவும் அனுப்பிவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதில் எதைப் போட்டு நிரப்பினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஜூன் கணக்கு நன்றாக இருந்தது. பதினெட்டுக் குறை, சராசரி மூன்று நாள். ஜூலையில் பதினொன்று, இரண்டு நாள். ஆகஸ்டில் ஏழு. திரும்ப வந்த குறை ஒன்றும் இல்லை. சாம்சனுக்கு வேலை இல்லாததால் ஃபோன் வந்த அரை மணியில் வீட்டு வாசலில் நின்றான். கேட்பதற்கு ஆள்தான் குறைந்துகொண்டே வந்தது. டிவியோடு ஊரை விட்டுப் போனவர்கள் ஒரு பக்கம், டிவி கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும் என்று விட்டவர்கள் ஒரு பக்கம். ஜெசிந்தா கோடு போட்ட தாளில் மூன்று வகைக்கு மேல் எழுத வேண்டியிருக்கவில்லை. குறுக்குக் கோடு போட்டு ஐந்து சேர்க்கிற வேலையே வரவில்லை.

செப்டம்பரில் நாலு குறை, சராசரி ஒரு நாள். கர்நாடகத்திலேயே முதலிடம் என்று ஒரு சான்றிதழ் வந்தது. பாஸ்கரன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். இந்த முறை மிக்சர் வரவில்லை. பத்து நாளில் இன்னொரு கடிதம். மாதம் பத்துக் குறைக்குக் கீழே வருகிற ஊரில் சென்டர் நடத்துவது கட்டுப்படியாகாதாம். இனிமேல் பங்காருபேட்டையிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம்.

“ஐயோன்னு கத்துவார்னு பார்த்தேன்” என்று அன்றைக்கு ஜெசிந்தா என்னிடம் சொன்னாள், தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து. “கத்தல.”

“நீ?”

“அக்டோபர் கணக்கு இருக்குதுக்கா. ரெண்டு டிவி. அத்த முடிச்சிட்டு போகணும்.”

முடித்தாள். சராசரி அரை நாள். போர்டைக் கழற்றிய அன்று பாஸ்கரன் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இப்போது ஓசூரில் மச்சான் கடையில் மிக்ஸி விற்கிறாராம்.

ஷில்பா ஜெசிந்தாவைப் பெங்களூர் ஆபீஸுக்கே கூப்பிட்டுக்கொண்டாள். எல்லா ஊர்க் குறைகளையும் வகை பிரித்துக் கூட்டி வகுக்கிற வேலை. கொஞ்ச நாள் விடிகாலை ரயிலில் போய் ராத்திரி வந்தாள், பிறகு அங்கேயே அறை எடுத்து அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனாள். டிவியை எடுத்துப் போகவில்லை. துணியோடு எனக்குக் கொடுத்தாள். நன்றாகத்தான் ஓடுகிறது.

சாம்சன் கல்யாணம் டிசம்பரில் நடந்தது. பெண் ஆண்டர்சன்பேட்டை டீனா. கோவிலில் முக்காட்டுக்குக் கீழே பார்த்தேன், நீலக்கல் கிளிப், என் கடையுடையதேதான். இத்தனை மாதம் யாருக்கு என்று கேட்காமல் விட்டது என் தப்பு. ஜெசிந்தா பெங்களூரிலிருந்து வந்து சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாதம் நன்றாக இருக்கிறது என்றாள். அதே குரல்தான். அடுத்த வருஷம் அவள் ஆபீஸிலேயே ரிச்சர்ட் என்கிற ஒரு கணக்குப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்வி. எனக்குப் பத்திரிகை வரவில்லை.